குறித்து வைத்த சமையல் யோசனைகள் வாரச் சார்ட் ஆவது எப்படி?

"நாங்கள் நாலு பேர், பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கு டப்பா எடுத்துப் போகிறார்கள். மீன் குழம்பு, முட்டைக் குழம்பு, சாம்பார், வத்தக்குழம்பு, கீரை, ரசம், குருமா என்று போனில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் எந்த நாள் எது என்று முடிவாவதில்லை, வாரத்துக்கு நாலு தடவை கடைக்கு ஓடுகிறேன். ஒரே சுற்றில் வாங்கும்படி லிஸ்ட் போடுவது எப்படி?"
வாசகி, தண்டையார்பேட்டை

இருபது வருடம் ஒரு ஹாஸ்டல் சமையலறையின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் எழுத வேண்டியது சமையலின் பெயர் அல்ல, அசையாத நாட்கள். உங்கள் பக்கத்தில் மீன் ஞாயிறு. வெள்ளி பெரும்பாலான வீடுகளில் சைவம். மாவு சனி மாலை அரைத்தால் ஞாயிறு காலை இட்லிக்குத் தயார். இந்த மூன்றையும் கட்டத்தில் உட்கார வைத்துவிட்டால், மீதி யோசனைகளை எது சீக்கிரம் வாடும் என்ற வரிசையில் வைத்துக்கொண்டே போகலாம். கத்தரிக்காய் செவ்வாய்க்கு, கோஸ் வியாழனுக்கு, காய் எதுவுமே தேவைப்படாத வத்தக்குழம்பு வாரக் கடைசிக்கு. சனிக்கிழமை காலை கடைக்குப் போவதாக வைத்துக்கொண்டால் உங்கள் சார்ட் இப்படி வரும்:

| நாள் | காலை | மதியம் |
|---|---|---|
| ஞாயிறு | இட்லி | மீன் குழம்பு |
| திங்கள் | இட்லி | முருங்கைக்கீரை, பருப்பு |
| செவ்வாய் | தோசை | கத்தரிக்காய் சாம்பார் |
| புதன் | உப்புமா | முட்டைக் குழம்பு |
| வியாழன் | பொங்கல் | ரசம், கோஸ் பொரியல் |
| வெள்ளி | சேமியா | வத்தக்குழம்பு, அப்பளம் |
| சனி | சப்பாத்தி, குருமா | (காலி) |

இரவுக்குத் தனிக் கட்டம் வேண்டாம். மதியக் குழம்பையே இரவுக்கும் வரும்படி வையுங்கள். ஞாயிறு இரவு மட்டும் மீன் குழம்போடு தோசை. 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் உளுந்து போட்டு அரைத்தால் இந்த நாலு வேளைக்கும் சரியாக வரும், மாவு புளித்துப்போவதற்குள் தீர்ந்தும் விடும்.

சனி மதியத்தைக் காலியாக விட்டது மறதியில் அல்ல. பாதிக் கோஸ், இரண்டு கேரட், ஒரு உருளை என்று மிஞ்சுவது அங்கேதான் போகும். ஏழு நாளையும் நிரப்பிய சார்ட் புதன்கிழமையே உடைந்துவிடும்.

இனி லிஸ்ட். சார்ட்டைப் பார்த்து நேராக "தக்காளி 1 கிலோ" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை என்று கூட்டுங்கள். மீன் குழம்புக்கு 3, கீரைக்கு 1, சாம்பாருக்கு 2, முட்டைக் குழம்புக்கு 3, ரசத்துக்கு 2, குருமாவுக்கு 2. ஆக 13, அதாவது ஏறக்குறைய 1 கிலோ. அதிலும் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் எடுத்தால் சனி வரை அழுகாது.

அப்புறம் கழியுங்கள். துவரம் பருப்பு கீரைக்கு 100, சாம்பாருக்கு 150, ரசத்துக்கு 50, ஆக 300 கிராம். டப்பாவில் 200 இருந்தால் லிஸ்டில் எழுத வேண்டியது 100தான். அரிசி அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ரேஷனில் கிடைக்கிறது. ஆனால் என் வீட்டு அட்டைக்கு அரிசி ஒரு நாள், பருப்பு ஒரு நாள், பாமாயில் இன்னொரு நாள் என்று மூன்று நடை. ஒரே நாளில் தர என்னதான் தடையோ! அதனால் ரேஷன் பருப்பு கைக்கு வந்த பிறகுதான் அதை லிஸ்டிலிருந்து அடியுங்கள். வரும் என்ற நம்பிக்கையில் அடித்தால் செவ்வாய்க்கிழமை சாம்பார் நின்றுவிடும்.

கூட்டிக் கழித்ததைக் கடையில் நீங்கள் நடக்கும் வரிசையில் பிரியுங்கள். முதலில் மளிகை: இட்லி அரிசி, உளுந்து, பருப்புகள், ரவை, சேமியா, கோதுமை மாவு. அடுத்து மசாலா, எண்ணெய், புளி, வத்தல், அப்பளம். மூன்றாவது காய்கறி. கடையில் நுழைந்ததுமே காய்கறி இருந்தாலும் அதைக் கடைசிக்கு முன்னால் எடுங்கள், இல்லையென்றால் 5 கிலோ அரிசிக்கு அடியில் தக்காளி நசுங்கும். கடைசியில் தயிர், முட்டை. இந்த நாலுக்கும் வெளியே "தெரு" என்று ஒரு தலைப்பு போட்டு, அதில் முருங்கைக்கீரையை எழுதுங்கள். சனிக்கிழமை வாங்கிய கீரை திங்கள் காலை காம்பு மட்டும்தான் மிஞ்சும். அதைத் திங்கள் காலை வாசலில் வரும் கீரைக்காரம்மாவிடம் வாங்குங்கள்.

அளவை எப்போதும் கிராமில் எழுதுங்கள், "ஒரு பாக்கெட்" என்று எழுதாதீர்கள். விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்த பாக்கெட்டுகள் நிறைய வருகின்றன. 500 கிராம் இருந்த இடத்தில் 450 இருக்கும். கிராமுக்கு என்ன விலை என்றும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அச்சிடுகிறார்கள், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது "மாத மளிகை பேக்கேஜ்" என்று தெருத்தெருவாக வருபவர்கள் மேல். நாற்பது அயிட்டம், ஒரே விலை, வீட்டுக்கே வந்துவிடும் என்பார்கள். அதில் எந்த அயிட்டத்துக்கு என்ன விலை என்ற பில் இருக்காது. உங்கள் வீட்டுக்குத் தேவையில்லாத கடலை மாவு இரண்டு கிலோ இருக்கும், வேண்டிய உளுந்து அரைக் கிலோதான் இருக்கும். தீபாவளிக்கு மளிகை தருகிறேன் என்று வாரா வாரம் பணம் பிடிக்கிற சீட்டும் இதே வகைதான். ரசீதில்லாமல் ஆளை நம்பிக் கட்டிவிட்டு ஏமாந்தவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அயிட்டம் வாரியாக விலை எழுதித் தராத யாரிடமும் உங்கள் லிஸ்டைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும்: மீன். லிஸ்டில் "வஞ்சிரம் 1 கிலோ" என்று எழுதினால் காசிமேட்டில் மாட்டிக்கொள்வீர்கள். அன்று படகில் என்ன வந்ததோ அதுதான் விலையைத் தீர்மானிக்கும். அதனால் "மீன், 1 கிலோ, இத்தனை ரூபாய்க்குள்" என்று மட்டும் எழுதுங்கள். சங்கராவோ மத்தியோ எது வந்தாலும் புளி, தக்காளி, மிளகாய்த்தூள் அதேதான். மசாலா பகுதியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் கரையோரத்தில் பிடிப்பதுதான் வரும், விலையும் ஏறும். அந்த மாதங்களில் அதே கட்டத்திலேயே "இல்லையென்றால் கருவாடு, கத்தரிக்காய்" என்று சேர்த்து எழுதுங்கள். செவ்வாய் சாம்பாருக்கு வாங்கும் கத்தரிக்காயில் கால் கிலோ கூடுதலாக எடுத்தால் போதும். குழம்பு அதேதான், நாளும் மாறாது. அந்த ஞாயிறு மீன் கிடைத்துவிட்டால், கூடுதல் கத்தரிக்காயும் செவ்வாய் சாம்பாருக்கே.

முதல் வாரம் கணக்கு பிசகத்தான் செய்யும். வெள்ளி இரவு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். காய் இரண்டு நாளைக்கு மிஞ்சியிருந்தால் கூட்டியதில் தவறு, அடுத்த வாரம் அந்தக் காயைக் குறையுங்கள். நடுவில் எதற்காகவாவது கடைக்கு ஓடியிருந்தால், அது பெருங்காயம், கடுகு மாதிரி சார்ட்டில் தெரியாத சாமானாகத்தான் இருக்கும். அதை மசாலா தலைப்பின் கீழே நிரந்தரமாக எழுதிவிட்டு, வாரா வாரம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அடியுங்கள்.