8085 போர்டில் 2 கேபி ராம் எப்படி 8 கேபி போலத் தெரிகிறது?

கேள்வி: 8085 போர்டில் 74LS138 போட்டு, ஈப்ராம் 2764-ஐ 0000H-லும் ராம் 6116-ஐ 2000H-லும் வைத்திருக்கிறேன். ராம் 2 கேபிதான். ஆனால் 2000H முதல் 3FFFH வரை எங்கே எழுதினாலும் எழுதியது அப்படியே திரும்பி வருகிறது. ஏன்? இதில் 8255-ஐ எப்படிச் சேர்ப்பது?

பதில்:

அங்கே 8 கேபி இல்லை. ஒரே 2 கேபி நான்கு இடங்களில் தெரிகிறது, அவ்வளவுதான்.

138-க்குப் போவது A15, A14, A13 என்ற மூன்று கம்பிகள் மட்டும். அதனால் 64 கேபி எட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 8 கேபி கிடைக்கிறது. Y0 என்றால் 0000H முதல் 1FFFH வரை, Y1 என்றால் 2000H முதல் 3FFFH வரை. 2764-க்கு A12 வரை எல்லாக் கம்பிகளும் போகின்றன, அது தன் 8 கேபியை முழுசாக நிரப்பிவிடும். 6116-க்கோ A10 வரைதான் கால்கள் உண்டு. A11, A12 இரண்டையும் 138-உம் பார்ப்பதில்லை, ராமும் பார்ப்பதில்லை. அவை எந்த நிலையில் இருந்தாலும் அதே பைட்டுதான் திறக்கும். ஆக 2000H, 2800H, 3000H, 3800H நான்கும் ஒரே இடம், பின் மூன்றும் முதலாவதன் நிழல்.

எழுதிய கையோடு அதே முகவரியைப் படிக்கும் சோதனையில் இது பிடிபடாது. இப்படிப் பாருங்கள்:

```
LXI H,2000H
MVI M,11H
LXI H,2800H
MVI M,22H
LDA 2000H
HLT
```

முடிவில் A-யில் 22H இருந்தால் நிழல் உறுதி.

இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். சின்ன போர்டுகளில் தெரிந்தே இப்படி விடுவது வழக்கம். ஆனால் ஸ்டாக் வைக்கும்போது கவனம் வேண்டும். `LXI SP,4000H` என்று எழுதினால் முதல் PUSH 3FFFH-க்குப் போகும். அது உண்மையில் 27FFH. 2700H பக்கம் வைத்த டேட்டா, ஸ்டாக்குக்கு வெகு தூரத்தில் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அழிந்துபோகும். 2800H என்றே எழுதுங்கள், எங்கே இடிக்கும் என்பது நிரலிலேயே கண்ணுக்குத் தெரியும். நிழலே வேண்டாம் என்றால் 6264-க்கு மாறுவதுதான் என் யோசனை. அது 8 கேபி, அந்த இடத்தை அப்படியே நிரப்பும். 28 கால் என்பதால் சாக்கெட் மாறும். அதன் 26-ஆம் காலை +5 வோல்ட்டில் கட்ட மறக்காதீர்கள், அது மேலே இருந்தால்தான் சிப் விழிக்கும்.

அடுத்து 8255. இதற்குத் தனியாக இன்னொரு 138 போடுங்கள். காரணம், 8085 ஒரு IN அல்லது OUT செய்யும்போது எட்டு பிட் போர்ட் எண்ணை முகவரிக் கம்பிகளின் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் சேர்த்தே வைக்கும். `OUT 20H` என்றால் கம்பிகளில் நிற்பது 2020H. மெமரி 138 இதை மெமரி முகவரி என்றே எடுத்துக்கொண்டால் Y1 கீழே இறங்கும், போர்ட்டுக்கு அனுப்பிய பைட் ராமிலும் போய் விழும். `IN 20H` இன்னும் மோசம். போர்ட்டும் ராமும் ஒரே நேரத்தில் டேட்டா கம்பிகளைப் பிடித்து இழுக்கும்.

இதைத் தடுப்பது IO/M கம்பி. மெமரி வேலைக்கு அது கீழே, போர்ட் வேலைக்கு மேலே. எனவே மெமரி 138-இல் அதை G2A-வுக்கும் (4-ஆம் கால்), போர்ட் 138-இல் G1-க்கும் (6-ஆம் கால்) கொடுங்கள். மீதி இயக்கக் கால்களில் G1-ஐ மேலே, G2-க்களைக் கீழே கட்டிவிடலாம். முகவரிக்கு இரண்டுக்கும் அதே A15, A14, A13 போதும், போர்ட் எண்தான் மேல் பாதியிலும் இருக்கிறதே. போர்ட் 138-இன் Y4-ஐ 8255-இன் CS-க்குக் கொடுத்தால் போர்ட் A 80H, B 81H, C 82H, கட்டுப்பாட்டுப் பதிவேடு 83H. இங்கேயும் நிழல் உண்டு: A2, A3, A4-ஐ யாரும் பார்க்காததால் இந்த நான்கும் 9FH வரை எட்டு முறை வரும்.

இந்த 80H-இல் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. IO/M-ஐ மெமரி 138-க்குக் கொடுக்க விட்டுப்போனாலும் இப்போதைக்கு ஒன்றும் தெரியாது, 8000H-இல் மெமரி எதுவும் இல்லையே. பிற்பாடு அங்கே ஒரு ராம் போட்ட அன்றுதான் வெடிக்கும். அதனால் இப்போதே மீட்டர் வைத்து 4-ஆம் காலைப் பாருங்கள்.

அப்படியே 138-இன் உள்ளீட்டு வரிசையையும் பார்த்துவிடுங்கள். C (3-ஆம் கால்) தான் பெரிய பிட், A15 அங்கே வர வேண்டும். A13-உம் A15-உம் இடம் மாறியிருந்தால் 000 மாறாது, ஈப்ராம் ஒழுங்காக ஓடும். ராம் மட்டும் 8000H-க்குப் போய்விடும். CALL இல்லாத நிரல் நன்றாக ஓடி, CALL உள்ள நிரல் முதல் RET-இல் எங்கோ தாவிவிட்டால் சந்தேகம் இங்கேதான். ஈப்ராமில் `STA 2000H`-ஐ மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் நிரலைப் போட்டு, லாஜிக் புரோபை 14-ஆம் காலில் வையுங்கள். அதுதான் Y1. அங்கே துடிப்பு இல்லாமல் 11-ஆம் காலில், அதாவது Y4-இல், இருந்தால் கம்பி மாறியிருக்கிறது.