அணில் முள்ளம்பன்றி ஆகாமல் இருக்க

கேள்வி: "குழந்தைப் பாட்டு வீடியோவுக்காக பிளெண்டரில் ஒரு கார்ட்டூன் அணில் செய்திருக்கிறேன். உயரம் 1 மீட்டர். முடி போட்டால் முள்ளம்பன்றி மாதிரி விறைத்து நிற்கிறது, நடுநடுவே தோலும் தெரிகிறது. எண்ணிக்கையை ஒன்றரை லட்சம் ஆக்கிப் பார்த்தேன், சீவப் போனால் கம்ப்யூட்டரே நின்றுவிடுகிறது. ஒருவர் 6,500 ரூபாய்க்கு 'ரெடிமேட் ஃபர் செட்டிங்' தருகிறேன் என்கிறார். வாங்கிப் போடலாமா சார்?"

பதில்:

வாங்காதீர்கள். அவர் விற்பது என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிளெண்டரில் முடியின் அமைப்பு இரண்டு இடங்களில் சேமிக்கப்படுகிறது. நீளம், எண்ணிக்கை, கற்றையாகச் சேரும் அளவு போன்ற எண்கள் Particle Settings என்ற பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் சீவல் அந்த உருவத்தோடு ஒட்டியது. எந்த இடத்தில் முடி குட்டை, எந்த இடத்தில் முடியே இல்லை என்று தோலில் தீட்டிய எடைகளும் அப்படித்தான். ஆக உங்களுக்குக் கிடைக்கப்போவது இருபது முப்பது எண்கள். அவையும் அவருடைய உருவத்தின் அளவுக்குப் போட்டவை. அவருடைய கரடி 3 மீட்டர் என்றால் அந்த நீளம் உங்கள் அணிலை மூடி மறைத்துவிடும். நம்பிக்கை வரவில்லை என்றால், "பணம் கொடுப்பதற்கு முன் என் அணில்மேல் போட்டு ஒரு படம் ரெண்டர் செய்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கு என்று யாராவது சொன்னாலும் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் கோளாறு கார்டில் இல்லை.

கோளாறு Number என்ற எண்ணில் இருக்கிறது. அது தாய் முடிகளின் எண்ணிக்கை. நீங்கள் கையால் சீவுவது இவற்றைத்தான். ஒவ்வொன்றிலும் பல கணுக்கள் உண்டு, சீப்பு நகரும்போதெல்லாம் அத்தனையையும் கணக்கிட்டாக வேண்டும். ஒன்றரை லட்சம் தாய் முடி கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். உடம்புக்கு 2,500 போதும். மீதி அடர்த்தியை, தாய் முடிகளை ஒட்டிப் பிளெண்டர் தானாக வளர்க்கும் பிள்ளை முடிகள் தர வேண்டும். Children பகுதியில் Interpolated என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தாய்க்கும் திரையில் 10, ரெண்டரில் 60 என்று வையுங்கள். 2,500 பெருக்கல் 60 என்றால் நீங்கள் கேட்ட அதே ஒன்றரை லட்சம் முடி. சீவுவதோ 2,500 மட்டும். Display Amount என்பது திரைக்கு, Render Amount என்பது இறுதிப் படத்துக்கு. திரையில் தோல் தெரிகிறதே என்று பயந்து Number-ஐ ஏற்றுவதுதான் கிட்டத்தட்ட எல்லோரும் விழும் குழி. திரையில் தெரிவது ஆறில் ஒரு பங்கு முடிதான். அடர்த்தியை ரெண்டர் செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கு முழு அளவு தேவையில்லை, 30 சதவீத அளவில் ஒரு படம் போதும்.

அடுத்தது விறைப்பு. முடி போட்டவுடன் பிளெண்டர் தானாக வைக்கும் நீளம் 4 மீட்டர். அதை நீங்கள் குறைத்திருப்பீர்கள். தடிமனைக் குறைத்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அது Hair Shape என்ற மூடிய பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. Diameter Root 1, Radius Scale 0.01 என்றால் முடியின் வேர் 1 சென்டிமீட்டர் தடிமன். 4 சென்டிமீட்டர் நீளமுள்ள முடிக்கு 1 சென்டிமீட்டர் வேர் என்றால் அது முள்தான். Radius Scale-ஐ 0.001 ஆக்குங்கள். பயிற்சி மையங்களில் பொத்தான்களின் பெயரைப் பாடம் எடுக்கிறார்களே ஒழிய, ஒவ்வொரு எண்ணும் உருவத்தின் அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டியது என்று சொல்லித்தருவதில்லை. வருத்தமாக இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் அணிலைத் தேர்ந்தெடுத்து Ctrl+A அழுத்தி Scale-ஐ நிலைப்படுத்துங்கள். அதைச் செய்யாவிட்டால், உருவத்தை நீங்கள் இழுத்துப் பெரிதாக்கிய திசையில் முடியும் கோணலாக நீளும்.

நீளத்துக்கு வருவோம். Hair Length 0.04 வையுங்கள், அதாவது 4 சென்டிமீட்டர். அது உடம்பிலேயே மிக நீளமான இடத்துக்கான அளவு. மற்ற இடங்களுக்கு Weight Paint-இல் ஒரு குழு தீட்டி, முடி அமைப்பின் அடியில் உள்ள Vertex Groups பகுதியில் Length என்ற இடத்தில் அதைக் கொடுங்கள். எடை 1 என்றால் முழு நீளம், 0.5 என்றால் பாதி. வயிற்றுக்கும் கன்னத்துக்கும் 1, முதுகுக்கு 0.5, மூக்கைச் சுற்றியும் கைகால்களிலும் 0.2 என்று தொடங்கலாம். கார்ட்டூன் முகத்தில் முடி நீண்டால் கண்ணும் வாயும் காட்டும் பாவனை புதைந்துபோகும், அதனால் கன்னம் தவிர முகத்தில் கஞ்சத்தனமாகவே இருங்கள். கண், மூக்கு நுனி, உள்ளங்கை ஆகியவற்றில் முடியே வேண்டாம். அதற்கு இன்னொரு குழு தீட்டி Density-இல் கொடுக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: Density குழு தாய் முடியின் மொத்த எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, இடம் மாற்றி நடுகிறது, அவ்வளவுதான். கைகால்களை நீக்கினால் அங்கிருந்த முடியெல்லாம் உடம்புக்கு வந்து சேரும்.

அணில் என்பதால் முதுகுக் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று கோடுகளையும் தோலின் படத்திலேயே வரையுங்கள். Cycles-இல் ரெண்டர் செய்யும்போது, ஒவ்வொரு முடியும் தன் வேர் இருக்கும் இடத்தின் நிறத்தை அந்தப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், முடிக்குக் கொடுக்கும் மெட்டீரியலில் அதே படத்தை இணைத்திருந்தால் போதும். முடியைக் கோட்டின் போக்கிலேயே, கழுத்திலிருந்து வாலை நோக்கிச் சீவினால் கோடு கூர்மையாக நிற்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் வெள்ளையும் பழுப்பும் கலந்து சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும். முதுகுக்கு 0.5 என்று சொன்னதும் இதற்காகத்தான். தோல் முடியின் நிறத்திலேயே இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. அங்கங்கே இடைவெளி விழுந்தாலும் கண்ணுக்குச் சொட்டையாகத் தெரியாது.

இப்போது கற்றை. இதைத்தான் எல்லோரும் தனி விஷயம் என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். Clump என்ற எண்ணை ஏற்றினால், பிள்ளை முடிகளின் நுனிகள் தங்கள் தாய் முடியின் நுனியை நோக்கிச் சேரும். ஆகவே ஒரு தாய்க்கு ஒரு கற்றை. 2,500 தாய் என்றால் 2,500 கற்றை. கற்றைகள் கயிறு போலப் பருத்துத் தெரிந்தால் தாய் முடி போதவில்லை என்று பொருள். பொடிப்பொடியாகச் சிதறித் தெரிந்தால் தாய் முடி அதிகம். Clump-ஐ மட்டும் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. உங்கள் அணிலுக்கு 0.35-இல் தொடங்குங்கள். 0.8-ஐத் தாண்டினால் மழையில் நனைந்த நாய் மாதிரி திரிதிரியாகத் தொங்கும். முகத்துக்குக் கற்றையே வேண்டாம், Clump குழுவில் முகத்தின் எடையை 0 ஆக்கிவிடுங்கள்.

நுனிகள் ஓரிடத்தில் சேரும்போது கற்றைகளுக்கு நடுவே வகிடு திறக்கிறது, அந்த வகிட்டில்தான் தோல் தெரிகிறது. கற்றை இல்லாமல் அடர்த்தி போதும் என்று முடிவு செய்தால், கற்றை வந்ததும் சொட்டை விழும். அதனால் Clump போட்ட பிறகுதான் அடர்த்தியை மதிப்பிட வேண்டும். போதாவிட்டால் Render Amount-ஐ 60-இலிருந்து 90-க்கு ஏற்றுங்கள், Number-ஐத் தொடாதீர்கள். இன்னொரு வழி Children பகுதியிலேயே இருக்கிறது. அங்குள்ள Length-ஐ 0.6, Threshold-ஐ 0.5 என்று வைத்தால், பிள்ளை முடிகளில் ஏறக்குறைய பாதி முழு நீளத்திலும் மீதி அதில் 60 சதவீத நீளத்திலும் வளரும். குட்டை முடி அடியில் மெத்தை போல நின்று வகிட்டை நிரப்பும். உண்மையான விலங்குத் தோலிலும் இப்படித்தான் நீண்ட முடிக்கு அடியில் குட்டை முடி இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகே சீவப் போங்கள். Particle Edit-இல் ஒரு முறை சீப்பு வைத்துவிட்டால் Number மங்கிப்போய்ப் பூட்டிக்கொள்ளும். ஏன் பூட்டியது என்று மென்பொருள் வாய் திறக்காது. பக்கத்தில் Delete Edit என்று ஒரு பொத்தான் மட்டும் நிற்கும், அதை அழுத்தினால் சீவிய அத்தனையும் போய்விடும். இத்தனை ஆண்டாகியும் பூட்டியதற்கான காரணத்தை அங்கே ஒரு வரியில் சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது. எத்தனையோ பேருடைய இரண்டு நாள் உழைப்பு அந்தப் பொத்தானில் போயிருக்கிறது. எண்ணிக்கையையும் நீளத்தையும் முடிவு செய்த கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, அதன் நகலில் சீவுங்கள். Comb-இன் வலிமையை 0.3 அளவில் வைத்து, ஒரே இழுப்பில் படிய வைக்காமல் மெல்ல மெல்ல நாலைந்து தடவை இழுங்கள். முடி தோலில் படிய மறுத்தால் Deflect Emitter-க்கு அடியில் உள்ள Distance-ஐக் குறைத்துப் பாருங்கள்.

வாலுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. வாலையும் உடம்போடு சேர்த்து ஒரே முடி அமைப்பில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதைப் பிரித்தாக வேண்டும். உடம்புக்கு நீண்ட முடி 4 சென்டிமீட்டர், வாலுக்கோ 12 வேண்டும். ஒரே அமைப்பில் 12 வைத்து உடம்பையெல்லாம் எடையால் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறக்கினால், எடையில் சிறிய பிசகு கூட உடம்பில் பெரிய பிசகாகத் தெரியும். அதோடு கற்றையின் பருமனும் ஒத்துவராது. வாலில் கற்றை பெரிதாக இருக்க வேண்டும், அதாவது தாய் முடி குறைவாக இருக்க வேண்டும். எனவே இரண்டாவது முடி அமைப்பு ஒன்றைச் சேர்த்து, வாலுக்கு மட்டும் Density குழு தீட்டி, Number 600, பிள்ளை 80, Hair Length 0.12, Clump 0.5 என்று வையுங்கள். நீண்ட முடி மடங்கி வளைய வேண்டும் என்பதால் Segments-ஐ 5-இலிருந்து 8 ஆக்குங்கள். இதையும் சீவுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். உடம்பைப் படியச் சீவியது போல வாலைச் சீவக் கூடாது. பாட்டில் கழுவும் பிரஷ் போல முடி நடுத்தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து, நுனிப் பக்கமாக மட்டும் லேசாகச் சாய வேண்டும். வால் நேராக இருக்கும் நிலையிலேயே முடி போடுங்கள். வளைத்து வைத்துவிட்டுப் போட்டால், வளைவின் உட்பக்கத்தில் எதிரெதிர் முடிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். பிறகு எலும்பை அசைத்து வளைக்கும்போது முடியும் கூடவே வர வேண்டுமானால், மாடிஃபையர் பட்டியலில் Armature மேலேயும் இரண்டு முடி அமைப்புகள் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும்.

வாலும் உடம்பும் சேரும் இடத்தில் இரண்டு குழுக்களும் ஒரு விரற்கடை அளவு ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். அங்கே உடம்பின் Density எடை 1-இலிருந்து 0-க்கும், வாலின் எடை 0-இலிருந்து 1-க்கும் படிப்படியாக மாறட்டும். வாலின் Length எடையும் அந்த இடத்தில் 0.3-இல் தொடங்கிப் போகப்போக 1 ஆகட்டும். இல்லாவிட்டால் அணில் காற்சட்டை போட்டது போல ஒரு விளிம்பு தெரியும். பக்கவாட்டிலிருந்து கேமராவை வைத்து அந்த மூட்டை மட்டும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முழு வீடியோவை ரெண்டருக்குக் கொடுங்கள்.