உயிலில் 'மற்றதெல்லாம் மனைவிக்கு' என்று எழுதினால் போதுமா?

"வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி. முதன்முறையாக உயில் எழுதப்போகிறேன். நான் சம்பாதித்து வாங்கிய ஃப்ளாட் மகளுக்கு, தங்கைக்கு 3 லட்சம், பெரியம்மா மகனுக்கு 1 லட்சம், மற்றதெல்லாம் மனைவிக்கு என்று நினைக்கிறேன். கையில் இருப்பது ஃபிக்ஸட் டெபாசிட் 20 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 6 லட்சம். இப்படி எழுதலாமா?"

தாராளமாக எழுதலாம், சட்டப்படி செல்லும். ஆனால் இப்படி எழுதினால் உங்கள் மனைவி வரிசையில் கடைசியாக நிற்கிறார். அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதில் மூன்று வகை இருக்கிறது. ஃப்ளாட், அடையாளம் காட்டிக் கொடுக்கும் குறிப்பிட்ட சொத்து. தங்கைக்கும் பெரியம்மா மகனுக்கும் கொடுப்பது வெறும் தொகை. எந்தக் கணக்கிலிருந்து என்று சொல்லாததால் பொதுவான பணத்திலிருந்து போகும். மனைவிக்குப் போவது மிச்சச் சொத்து. நீங்கள் இன்று மறைந்தால் 26 லட்சத்தில் 4 லட்சம் போக மனைவிக்கு 22 லட்சம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

பதினைந்து ஆண்டு கழித்துப் பாருங்கள். வைத்தியச் செலவில் பெரும்பகுதி கரைந்து, 5 லட்சம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி பாக்கி 2 லட்சம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி முதலில் கடன் தீர வேண்டும். அது முதலில் மிச்சத்தைத்தான் தின்னும். போதாவிட்டால்தான் தொகைகளைத் தொடும். இங்கே கடன் போக 3 லட்சம் நிற்கிறது. கொடுக்கவேண்டியதோ 4 லட்சம். ஆகவே இருவருக்கும் அவரவர் விகிதப்படி குறையும்: தங்கைக்கு 2,25,000, பெரியம்மா மகனுக்கு 75,000. மகளின் ஃப்ளாட்டை யாரும் தொடமாட்டார்கள். மனைவிக்கு? ஒன்றும் இல்லை. அவர் குடியிருக்கும் வீடே மகள் பெயருக்குப் போயிருக்கும்.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. ஃப்ளாட் மகளுக்கு, ஆனால் மனைவி தன் ஆயுள்வரை அதில் குடியிருக்கலாம், அதுவரை விற்கக்கூடாது என்று எழுதுங்கள். தொகைகளுக்கு உச்சவரம்பு வையுங்கள்: 'கடன்கள் போக மிஞ்சும் என் வங்கி வைப்பு, ஃபண்ட் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது 3 லட்சம், எது குறைவோ அது' என்றால் தங்கைக்குப் போவது உங்கள் கையிருப்போடு சேர்ந்தே சுருங்கும். மேற்சொன்ன மோசமான நிலையில் அவருக்கு 30,000. பெரியம்மா மகனுக்கும் அதே மாதிரி முப்பதில் ஒரு பங்கு, அதிகபட்சம் 1 லட்சம் என்றால் 10,000. மீதி 2,60,000 மனைவிக்கு. தங்கைக்குக் கட்டாயம் 3 லட்சம் போக வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், உயிருடன் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது என்பேன்.

குறிப்பிட்ட சொத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. ஃப்ளாட்டை நீங்களே விற்றுவிட்டு, பணத்தை வங்கியில் போட்டிருந்தால், மகளுக்கு எழுதியது அத்தோடு போயிற்று. விற்ற பணத்தை அவர் கேட்க முடியாது. அது மிச்சத்தில் சேர்ந்துவிடும். வயதானபின் லிஃப்ட் இருக்கும் கட்டடத்துக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே 'இந்த ஃப்ளாட், அல்லது இதை விற்று வாங்கும் வேறு வீடு, அதுவும் இல்லையென்றால் விற்ற பணத்தில் என் மறைவின்போது மிஞ்சியிருப்பது' என்று நீட்டி எழுதுங்கள். இதே காரணத்துக்காகத்தான் உயிலில் டெபாசிட் எண்ணைக் குறிப்பிடவேண்டாம் என்கிறேன். முதிர்ந்து வேறு வங்கிக்கு மாற்றினால் ரசீது எண் மாறிவிடும். இது அதே பணம்தானா என்று வழக்கு தொடங்கும்.

உங்களுக்கு முன்பே தங்கை மறைந்தால் அவர் தொகை மிச்சத்தில் சேரும். அவர் பிள்ளைகளுக்குப் போகாது. மகள் விஷயம் அப்படியல்ல: உயில் எழுதுபவரின் பிள்ளை முந்திக்கொண்டாலும், அவருக்குச் சந்ததி இருந்தால் அந்தக் கொடை செல்லாமல் போகாது.

மனைவி உங்களுக்கு முன்பே மறைந்தால்? மிச்சத்துக்கு உரியவரே இல்லாமல், உயில் இல்லாதவரின் சொத்துபோல அது சட்டப்படியான வாரிசுகளுக்குப் பிரியும். பெரும்பாலான முதல் உயில்களில் விடுபடுவது இந்த ஒரு வரிதான். 'மனைவிக்கு, அவர் எனக்கு முன் மறைந்தால் இன்னாருக்கு' என்று இரண்டாவது பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமிப்பவரிடம், தொகைகளைப் பட்டுவாடா செய்ய உங்கள் மறைவிலிருந்து ஓராண்டு வரை அவகாசம் உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். தங்கையும் பெரியம்மா மகனும் காரியம் முடிந்த கையோடு அவர் வீட்டு வாசலில் நிற்கக்கூடாது அல்லவா!