சேனலில் லாபம், கணக்கில் நஷ்டம்: சந்தாவைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: எந்த ஆப்ஷனை எந்த விலைக்கு வாங்க வேண்டும் என்று "கால்" தரும் ஒரு சேனலுக்கு ஆறு மாதம் சந்தா கட்டினேன். 80% துல்லியம் என்று விளம்பரம். அவர்கள் பட்டியலில் எல்லாம் வெற்றி. என் கணக்கில் நஷ்டம் மட்டும்தான். கேட்டால், "நீங்கள் லேட்டாக வாங்கினீர்கள், கல்வி நோக்கத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். சந்தாவும் நஷ்டமும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சந்தாவுக்கு வாய்ப்பு இருக்கிறது. நஷ்டத்தைக் கேட்பது கடினம். ஆர்டர் போட்டது உங்கள் கை. எந்தப் பொய்யை நம்பி எந்த ஆர்டரைப் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அந்த 80% பொய்யாக இருக்கும் என்று நினைத்து வழக்கைத் தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், சிக்கலே அங்கேதான். பத்து கால்கள், எல்லாவற்றிலும் 40-க்கு வாங்கச் சொன்னார்கள் என்று வையுங்கள். எட்டில் விலை 46-ஐத் தொட்டது. "முதல் டார்கெட் அடித்தாச்சு" என்று பட்டாசு படம் வந்தது. லாபம் 8 × 6 = 48. மீதி இரண்டில், எந்த விலைக்கு இறங்கினால் விற்று வெளியேற வேண்டும் என்ற ஸ்டாப்லாஸைச் சொல்லாமல் "ஹோல்டு பண்ணுங்க" என்றார்கள். காலாவதி நெருங்க விலை 5-க்கு வந்தது. நஷ்டம் 2 × 35 = 70. பத்தில் எட்டு வெற்றி, ஆனால் மொத்தத்தில் 22 நஷ்டம். பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைப்பதும் பல நாட்டுச் சட்டங்களில் தவறான தகவல் தந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே "80% பொய்" என்று வாதாட வேண்டாம். "எதை வெற்றி என்று எண்ணினீர்கள், தோற்றதில் எவ்வளவு போனது என்பதை ஏன் சொல்லவில்லை" என்று கேளுங்கள்.

அடுத்து அந்த "லேட்" விஷயம். வாங்கி விற்கும் ஆள் குறைவாக உள்ள ஒரு ஸ்ட்ரைக்கில், அதாவது குறிப்பிட்ட ஒரு விலைக்கான ஆப்ஷனில், ஒரே நேரத்தில் நூறு பேர் பாய்ந்தால் விலை தானே எகிறும். 10:14-க்குக் கால் வருகிறது, அப்போது விலை 40. நீங்கள் ஒரு நிமிடத்துக்குள் வாங்கியும் 47-க்குத்தான் கிடைக்கிறது. விலை 52 வரை போய், 31-க்கு இறங்கும்போது விற்கிறீர்கள். உங்களுக்கு 16 நஷ்டம். அவர்கள் கணக்கில் இது வெற்றி. நீங்கள் லேட்டே இல்லை. சந்தாதாரர்கள் வாங்கியதால்தான் 52 வந்தது.

அப்போது சந்தாதாரர்களுக்கு விற்றது யார்? அட்மின் முன்னதாகவே 36-க்கு வாங்கி வைத்திருந்து 50-க்குத் தள்ளிவிட்டிருந்தால், கதையே வேறு. இதற்கு ஸ்கால்பிங் என்று பெயர். ஓர் ஆலோசகர், பங்குகளைப் பரிந்துரைக்கும் முன் தானே வாங்கி, பரிந்துரையால் விலை ஏறியதும் விற்றதை மறைத்தது பற்றிய கேப்பிடல் கெயின்ஸ் ரிசர்ச் பீரோ வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-லேயே அதை வாடிக்கையாளர்மீது செய்த மோசடியாகக் கருதியது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஸ்ட்ரைக்கின் ஒரு நிமிட சார்ட்டில், மெசேஜ் வருவதற்கு முந்தைய சில நிமிடங்களில் வால்யூம் திடீரென ஏறியிருக்கிறதா பாருங்கள். ஒருமுறை என்றால் தற்செயல். பத்துக்கு எட்டு முறை என்றால் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் காட்ட வேண்டிய விஷயம். யார் கணக்கில் வாங்கினார்கள் என்று அவர்களால்தான் தோண்ட முடியும். காலாவதியான கான்ட்ராக்டின் சார்ட் பல தளங்களில் மறைந்துவிடும், முன்னதாகவே எடுத்து வையுங்கள்.

"கல்வி நோக்கம்" என்ற வரியைக் கண்டு பயப்படாதீர்கள். எந்த ஸ்ட்ரைக், எந்த விலை, எங்கே வெளியேற வேண்டும் என்று காசு வாங்கிச் சொல்வதற்குப் பாடம் என்று பெயர் வைத்தால் பாடமாகிவிடாது. ஆனால் அதற்குப் பதிவு தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பங்குச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பதிவு கேட்கும். அமெரிக்காவில், தனிநபருக்கென்று இல்லாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெளியாகும் பொதுவான பத்திரிகைக்கு 1985-ன் லோ வழக்கு விலக்கு தந்தது. ஆகவே நீங்கள் இருக்கும் நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்புடைய பதிவுப் பட்டியலில் அந்த சேனலை நடத்துபவரின் பெயரை நீங்களே தேடுங்கள். சேனலில் போட்டிருக்கும் பதிவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வேறொருவர் எண்ணை ஒட்டி வைத்திருப்பவர்களும் உண்டு.

இப்போதைக்குக் கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள். தோற்ற கால்களை அழிப்பதுதான் அவர்களின் அடுத்த வேலையாக இருக்கும். முழு உரையாடலையும் நேரத்தோடு ஏற்றுமதி செய்து, உங்கள் புரோக்கர் தரும் கான்ட்ராக்ட் நோட்டுகளோடு வரிசையாகப் பொருத்துங்கள். துல்லியம் பற்றிய விளம்பரத்தையும் பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து, சந்தாவை மட்டும் திரும்பக் கேட்டு எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் இன்றே ஆட்சேபம் பதியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.