கணித மேதை காஸின் ஜோடி முறையில் நடு எண்ணை என்ன செய்வது?

1 முதல் 100 வரை ஜோடி சேர்த்துக் கூட்டுவது புரிகிறது. 17 முதல் 43 வரை என்றால் நடு எண்ணுக்கு ஜோடி இல்லையே?

வரிசையை ஒருமுறை ஏறுமுகமாகவும், அதன் கீழே இறங்குமுகமாகவும் எழுதினால், 17-க்குக் கீழே 43, 18-க்குக் கீழே 42 என அமையும். மேல் எண் ஒன்று கூடும்போது கீழ் எண் ஒன்று குறைவதால், ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 60 ஆகவே இருக்கும். நடுவிலுள்ள 30-க்குக் கீழே இன்னொரு 30 வந்துவிடுவதால், அதுவும் தனித்து நிற்பதில்லை. மொத்தம் 27 ஜோடிகள் என்பதால் 27 × 60 = 1620; வரிசையை இருமுறை எழுதியிருக்கிறோம் என்பதால், இதில் பாதியான 810 விடையாகும்.

பெரும்பாலும் தவறு நேர்வது (கூட்டலில் அன்று) எண்ணிக்கையில்தான்: 43 − 17 = 26 என்று நிறுத்திவிட்டால் தொடக்க எண் கணக்கில் விடுபட்டு, விடை 780 என வரும்; ஆகவே கழித்தபின் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1, 4, 9, 16 போல இடைவெளி மாறும் வரிசையில் முனை எண்கள் 17-ஐயும் உள் எண்கள் 13-ஐயும் தருவதால், இம்முறை அங்கே செல்லாது.