குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்: பாலிசி தராத பணம் வேறு எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. குடியாத்தத்தில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவி பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இரண்டு குழந்தைகள், போதும் என்று முடிவு செய்துவிட்டோம். நான் வாசக்டமி செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். 5 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி ஆறாவது வருடமாக ஓடுகிறது. அதில் கிளெய்ம் செய்யலாமா? ஏஜென்ட்டைக் கேட்டால் "பார்த்துக்கலாம் சார்" என்கிறார்.

பதில்: வராது. ஏஜென்ட் பார்த்தாலும் வராது.

உங்கள் பாலிசியின் பி.டி.எஃப்-ஐத் திறந்து Excl17 என்று தேடிப் பாருங்கள். மலட்டுத்தன்மை, குழந்தையின்மை தொடர்பான செலவுகள் என்ற தலைப்பில் ஒரு பத்தி வரும். அதில் முதல் வரியிலேயே எந்த வகைக் கருத்தடையும், கருத்தடை அறுவை சிகிச்சையும் சேராது என்று இருக்கும். அதற்குக் கீழே டெஸ்ட் டியூப் சிகிச்சை, வாடகைத் தாய், அப்புறம் செய்த கருத்தடையை மறுபடி அவிழ்க்கும் ஆபரேஷன் என்று வரிசையாக வரும். விலக்குகளை எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே 2019-இல் வகுத்துக் கொடுத்துவிட்டது. அதனால் கம்பெனி மாறினாலும் பத்தி மாறாது. எத்தனை வருடம் கிளெய்ம் இல்லாமல் பிரீமியம் கட்டியிருந்தாலும் இது அசையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி சில வருடம் காத்திருந்தால் திறக்கிற கதவு இல்லை, நிரந்தர விலக்கு. கம்பெனிகள் எடுத்துத்தரும் குரூப் பாலிசிகளில் சில விலக்குகளைத் தளர்த்திக் கொடுப்பது உண்டு. கடை வைத்திருக்கும் உங்களுக்கு அந்த வழியும் இல்லை.

"பார்த்துக்கலாம்" என்பதற்கு நடைமுறையில் ஒரு அர்த்தம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வாசக்டமி என்று எழுதாமல் ஹைட்ரோசீல், அதாவது விரைவீக்கம், என்று எழுதி வாங்குவது. இரண்டும் ஒரே இடத்தில் செய்கிற ஆபரேஷன் என்பதால் யாருக்கோ தோன்றிய யோசனை. இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஹைட்ரோசீல் என்றால் முன்பே எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி ஆபரேஷன் தியேட்டர் நோட்டைப் பார்ப்பார்கள். ஐந்து வருடம் முடிந்த பாலிசியில் பழைய நோயை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறதே, அது மோசடிக்குப் பொருந்தாது. 28,000 ரூபாய்க்காக 5 லட்சம் பாலிசியையே இழக்க நேரிடும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேட்ட 28,000-ஐச் செலவே செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காசு மிச்சம் என்பது அதற்குப் பாதிக் காரணம்தான்.

தழும்பில்லா வாசக்டமி என்பது மரத்துப்போகும் ஊசி போட்டு, தையல் இல்லாமல், அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். அது போக, செய்துகொள்பவருக்கு ஊக்கத்தொகையாக 1,100 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். முதலில் குடியாத்தம் அரசு மருத்துவமனையில் குடும்பநலப் பிரிவில் கேளுங்கள். அங்கே தோதுப்படாவிட்டால் அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான கருத்தடை இருவார விழா நடக்கும். அப்போது இதற்கென்றே முகாம் போடுவார்கள்.

மீதிப் பாதிக் காரணம் பலருக்குத் தெரியாதது. அரசு மருத்துவமனையிலோ, இதற்காக அரசு அங்கீகரித்த தனியார் மருத்துவமனையிலோ செய்துகொண்டால், குடும்ப நல இழப்பீட்டுத் திட்டம் என்ற மத்திய அரசுத் திட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். தனியாகப் பதிவு செய்யவோ பிரீமியம் கட்டவோ வேண்டாம். ஆபரேஷனால் ஆஸ்பத்திரியிலேயே, அல்லது வீட்டுக்கு வந்து 7 நாளுக்குள் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். 8 முதல் 30 நாளுக்குள் என்றால் 1 லட்சம். 60 நாளுக்குள் சிக்கல் வந்து சிகிச்சை தேவைப்பட்டால் 50,000 வரை. ஆபரேஷன் பலிக்காமல் கரு உண்டானால் 60,000. முன்பு இவை பாதியாக இருந்தன. கருத்தடை முகாம்களின் லட்சணத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் கடுமையாகத் தீர்ப்பெழுதிய பிறகுதான் இரட்டிப்பானது.

இதையே தனியாரில் உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 28,000 கொடுத்துச் செய்கிறீர்கள். நாலாம் நாள் வீக்கம், ரத்தக்கட்டு, இன்ஃபெக்‌ஷன் என்று மறுபடி சேர்க்கிறார்கள். பில் 35,000 ஆகிறது. பாலிசியில் கேட்டால், விலக்கப்பட்ட சிகிச்சையின் விளைவு என்று அதையும் தட்டிவிட வாய்ப்பு அதிகம். மொத்தம் 63,000 உங்கள் கையை விட்டுப் போகிறது. அரசு மருத்துவமனையில் அதே சிக்கல் வந்தால் சிகிச்சை அங்கேயே நடக்கும். வெளியே செலவானால் 50,000 வரை கேட்கத் திட்டம் இருக்கிறது. தனியார்தான் வேண்டும் என்றால், அந்த ஆஸ்பத்திரி கருத்தடைக்கு அரசு அங்கீகாரம் பெற்றதா என்று மட்டுமாவது கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கீகாரம் இல்லை, ஆபரேஷன் பலிக்கவும் இல்லை என்றால் வழக்குத்தான் வழி. அதிலும், டாக்டரின் கவனக்குறைவை நிரூபிக்காமல் தோல்வியை மட்டும் காட்டி நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது.

ஆபரேஷன் பலிக்காவிட்டால் கிடைக்கும் அந்த 60,000 விஷயத்தில் ஆண்கள் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. வாசக்டமி செய்த அன்றே பலன் வராது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு தீர வேண்டும். அதனால் மூன்று மாதம் ஆணுறை தொடர வேண்டும், மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனைக்கு வர வேண்டும். விந்தணு இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகுதான் கருத்தடைச் சான்றிதழ் தருவார்கள். ஆபரேஷன் அன்று நீங்கள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவத்திலேயே, பரிசோதனைக்கு வராவிட்டால் விளைவுக்கு நானே பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. வலி இல்லை, கடையைத் திறந்தாச்சு, இதற்குப் போய் யார் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவது, கூச்சமாக வேறு இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மனைவி கர்ப்பமானால் கையில் சான்றிதழும் இல்லை, இழப்பீடு கேட்க ஆதாரமும் இல்லை. வீட்டில் தேவையில்லாத சந்தேகப் பேச்சு வேறு கிளம்பும். அந்தப் பரிசோதனைக் காகிதம் ஒன்றுதான் அதற்கெல்லாம் பதில்.

இப்போது உங்கள் மனைவியின் இ.எஸ்.ஐ. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு எழும் என்று நினைக்கிறேன். ஷூ கம்பெனியில் யாராவது, "நீயே பண்ணிக்க, சம்பளத்தோட லீவு தர்றாங்க" என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இ.எஸ்.ஐ.-யில் சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம்தான் தருவார்கள். கருத்தடை ஆபரேஷனுக்கு மட்டும் முழுச் சம்பளம்: பெண் தொழிலாளிக்கு 14 நாள், ஆண் தொழிலாளிக்கு 7 நாள். சிக்கல் வந்தால் டாக்டர் சான்றின் பேரில் நீட்டிப்பார்கள். அவருடைய சராசரி தினக்கூலி 450 ரூபாய் என்று வைத்தால் 14 நாளுக்கு 6,300 ரூபாய்.

அதை வாங்க இரண்டு நிபந்தனை. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். அதோடு, அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பிப்ரவரியில் ஆபரேஷன் என்றால் பார்க்கிற கணக்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறைந்த மாதங்களில் வேலைநாள் சுருங்கிவிடும். அந்த 78 இருக்கிறதா என்று பார்க்காமல் 6,300-ஐ நம்ப வேண்டாம்.

ஆனால் அந்தப் பணத்துக்காக ஆபரேஷனை அவர் பக்கம் தள்ளாதீர்கள். பெண்களுக்குச் செய்வது வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ செய்கிற ஆபரேஷன். ஆபத்தும் ஓய்வும் இரண்டுமே கூடுதல். 14 நாள் சம்பளம் தருவதே அவருக்கு அவ்வளவு ஓய்வு தேவைப்படும் என்பதால்தான். நீங்கள் செய்துகொண்டால் அந்த 6,300 வராது, ஏனென்றால் சந்தா கட்டுவது நீங்கள் இல்லை. அதற்குப் பதில் 1,100 வரும், கடை இரண்டு நாள் மூடியிருக்கும், ஒரு வாரம் இன்ஜின், டயர் என்று கனமாக எதையும் தூக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இந்தப் பேரமே நல்லது. தொழிலாளியின் கணவர் என்ற முறையில் மருத்துவம் மட்டும் உங்களுக்கும் இ.எஸ்.ஐ.-யில் உண்டு. அதனால் அவருடைய கார்டில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வேறு எதற்காவது உதவும்.

ஃப்ளோட்டர் பாலிசியை ரத்து செய்துவிடாதீர்கள். Excl17 தடுப்பது கருத்தடைக்காகச் செய்வதை மட்டும். நாளைக்கு உங்கள் மனைவிக்குக் கட்டி என்று கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தால், அதற்குப் பிறகு குழந்தை பிறக்காது என்றாலும், அது நோய்க்கான சிகிச்சை. காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் பாலிசி கொடுத்தாக வேண்டும்.

போகும்போது உங்கள் ஆதார், வங்கிப் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுத்துப்போங்கள். சம்மதப் படிவத்தை முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்ட பிரதியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் தேதியை அன்றே குறித்து வாங்குங்கள். இழப்பீடு கேட்கும்படி ஏதாவது நேர்ந்தால், அது தெரிந்த 90 நாளுக்குள், ஆபரேஷன் செய்த அதே மருத்துவமனையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அங்கே இழுத்தடித்தால் வேலூரில் குடும்பநலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.