ஒரு கிணறு, இரண்டு எண்கள்

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்தில், கிணற்று நீர்ச் சோதனை முடிவுகளை என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஸ்லைடு போட்டு விளக்கினார். கடைசியில் ஒரு பெரியவர், "மொதல்ல ஆயிரத்தி அறுநூத்தி தொண்ணூறுன்னீங்க, இப்ப ரெண்டாயிரத்தி அறுநூறுங்கறீங்க. நடுவுல எப்ப ஏறுச்சு?" என்று கேட்டார். தம்பி தடுமாறிவிட்டார். அடுத்த வாரம் ஆம்பூர் பக்கம் கூட்டம். என் கருத்தைக் கேட்கிறார். மனம் நோகாமல் என்ன சொல்வது? ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

தம்பியிடம் உப்புத் தட்டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ஒரு குடம் நீரில் கரைந்திருக்கும் அளவு இது என்று 25 கிராம் உப்பைத் தட்டில் கொட்டி வைத்திருக்கிறார். 15 லிட்டர் குடம், லிட்டருக்கு 1690 மில்லிகிராம், கணக்கும் சரிதான். தினமும் இடுப்பில் சுமக்கிற குடத்துக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க வைத்தது அந்தத் தட்டு. இதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால், அடுத்த கூட்டத்தில் நேரமில்லை என்று முதலில் விடுவது தட்டாகவே இருக்கலாம்.

குழப்பம் 4, 7 ஆகிய ஸ்லைடுகளுக்கு நடுவில் இருக்கிறது. நான்காவதில் இருப்பது டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் எடை. ஏழாவதில் இருக்கும் 2600 அதே நீரின் மின்கடத்துத்திறன். அதன் அலகு சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸ். அதை ஏறத்தாழ 0.65ஆல் பெருக்கினால் 1690 வந்துவிடும். கிணறும் ஒன்று, நாளும் ஒன்று. ஆனால் கேட்பவருக்கு எண் மட்டும்தான் காதில் விழும், அலகு விழாது. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் ஊர்ப்பக்கம் இப்படி ஓர் எண் ஏறினால், யாரோ கழிவைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் மனசு போகும். பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி.

மாற்றச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பேச்சு முழுக்க லிட்டருக்கு மில்லிகிராம் மட்டும் இருக்கட்டும். தட்டில் கொட்டிக் காட்ட முடிவது அந்த அளவைத்தான். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பும் அதே அலகில்தான் இருக்கிறது: 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை. 1690 எங்கே நிற்கிறது என்று யாரும் விளக்காமலே புரியும். மின்கடத்துத்திறன் பட்டியல் அவர் கையிலேயே இருக்கட்டும், கேட்டால் எடுக்கலாம்.

அதற்கு முன், கையடக்க மீட்டரில் எடுத்த எண்கள் எவை என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துத்திறனை அளந்து ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. அது 0.5 என்று அமைந்திருந்தால் இதே நீர் 1300 காட்டும், 0.7 என்றால் 1820. ஆய்வகத்தில் நீரை ஆவியாக்கி எடைபோட்ட முடிவோடு இவற்றைக் கலந்தால், அலகு ஒன்றான பிறகும் அதே கேள்வி திரும்ப வரும்.

எழுத்துப்பிழை, ஸ்லைடு நிறமெல்லாம் இப்போது வேண்டாம். கூட்டம் முடிந்த களைப்பில் சொல்லாமல், மறுநாள் அவரைத் தனியாக உட்காரவைத்து இரண்டு ஸ்லைடையும் அருகருகே திறந்து, "தம்பி, பெரியவர் எதப் பாத்து அப்படிக் கேட்டாரு, சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள்.